சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில்

என் தம்பிக்கு என்னைக் கிண்டல் செய்ய வேறெதுவும் வேண்டாம், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் போதும். மாவு டப்பா, புளிக்கரைசல், மகனின் இருமல் மருந்து என்று எல்லாவற்றிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டியிருப்பேன். "மச்சான், நீங்க கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. அக்கா உங்க நெத்தியிலயும் தேதி போட்டு ஒட்டிரும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வான். அவரும் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும், ஆனால் ஸ்டிக்கரை மட்டும் விடமாட்டேன்.

அந்தப் பழக்கம் கடையிலிருந்து வந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்த பெண்கள் சலூனில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகிப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து இங்கே வந்து, கோர்ஸ் முடித்து, முதலில் சேர்ந்த கடையும் அதுதான். முதலாளியம்மாவை நாங்கள் எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவோம். இப்போதும், இவ்வளவு நடந்த பிறகும், அவரை எழுதும்போது 'அவர்' என்றுதான் வருகிறது. நாக்குக்குச் சூடு சொரணை கிடையாது போலிருக்கிறது.

சலூன் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கடையில் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். முன்னால் கண்ணாடி அலமாரியில் இருப்பது வாடிக்கையாளருக்கு விற்பது. தலை கழுவும் தொட்டிக்குப் பின்னால் இருப்பது நாங்கள் வேலைக்கு எடுப்பது. பெரிய கேன் ஷாம்பு, கண்டிஷனர், ஹேர் கலர் ட்யூப், அதோடு கலக்கும் டெவலப்பர் என்கிற பெராக்சைடு, பிளீச் பவுடர், ஃபேஷியல் கிரீம், வேக்ஸ். முன்னால் இருப்பதை எல்லோரும் துடைத்துத் துடைத்து அடுக்குவார்கள். பின்னால் இருப்பதை ஒரு நாதியும் பார்க்காது. கடையின் சரக்கு கெட்டு வீணாவது அங்கேதான்.

நான் சேர்ந்தபோது அந்த அலமாரி இருந்த லட்சணத்தைச் சொன்னால் உங்களுக்கு எங்கள் கடை மேலேயே வெறுப்பு வரும். ஒரே டெவலப்பரில் மூன்று பாட்டில் திறந்து கிடக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. ஷாம்பு பம்ப் பாட்டில் பாதியானதும், கழுவாமல் அப்படியே மேலே ஊற்றி நிரப்புவார்கள். அடியில் இருப்பது எந்தக் காலத்துச் சரக்கென்று யாருக்கும் தெரியாது. புதிதாக வந்த பெட்டியை முன்னால் வைப்பார்கள், பழையது பின்னால் போய்ப் பின்னாலேயே செத்துப்போகும். ஒரு முறை சாம்பல் கலந்த பொன்னிறத்தில் எட்டு ட்யூப் காலாவதியாகிக் கிடந்ததைப் பார்த்தேன். எங்கள் கடைக்கு வரும் அக்காமார்களில் யார் பொன்னிறம் போடுகிறார்கள்? கறுப்பு, அடர் பழுப்பு, மிஞ்சிப்போனால் பர்கண்டி என்கிற கருஞ்சிவப்பு. அதைக்கூட யோசிக்காமல் வாங்கியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கோபம் வந்தால் சும்மா இருக்கவும் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன் வந்து, அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கடையைக் காலி பண்றியா?" என்றார். "ஆமா மேடம், காலி பண்ணிட்டு மறுபடி வைக்கப் போறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய் எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வந்தார். அந்தக் கோப்பியை நினைத்தால்கூட இப்போது வயிறு எரிகிறது.

நான் கொண்டுவந்த முறை ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. சரக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காலாவதி மாதத்தைப் பெரிதாக எழுதிப் பச்சை ஸ்டிக்கர். எது முதலில் காலாவதியாகுமோ அது முன்னால். எது முதலில் வந்தது என்பது கணக்கில்லை, ஏனென்றால் சில நேரம் பின்னால் வரும் பெட்டிக்குத்தான் ஆயுசு குறைவாக இருக்கும். ஒன்றைத் திறந்தால், திறந்த தேதியும் திறந்தவர் பெயரின் முதல் எழுத்தும் போட்டு நீல ஸ்டிக்கர். டப்பாவின் பின்னால், மூடி திறந்த ஒரு சின்ன டப்பா படமும் அதற்குள் ஒரு எண்ணும் இருக்கும். பன்னிரண்டு என்று இருந்தால், திறந்து பன்னிரண்டு மாதம்தான் அதற்கு ஆயுள். அடியில் அச்சடித்த தேதி இன்னும் இரண்டு வருடம் தள்ளி இருந்தாலும் சரி, திறந்துவிட்டால் அந்தத் தேதி செல்லாது. டெவலப்பர் விஷயத்தில் நான் இன்னும் கறார். மூடியைச் சரியாக மூடாவிட்டால் அதன் வீரியம் போய்விடும், வீரியம் போனால் நரையில் கலர் பிடிக்காது. அதனால் ஒரு வகையில் ஒரு பாட்டில்தான் திறந்திருக்கலாம். காலிப் பாட்டிலைக் கொடுத்தால்தான் அடுத்தது. பம்ப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

கலர் கலக்குவதற்குச் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வைத்தேன். வேருக்கு மட்டும் கலர் போட வரும் அம்மாவுக்கு எத்தனை கிராம் ட்யூப், எத்தனை கிராம் டெவலப்பர், கிண்ணத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று அவரவர் அட்டையில் எழுதுவோம். மிஞ்சினால் அடுத்த முறை குறைப்போம். முதல் மாதம் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். மூன்றாம் மாதம் தொட்டியில் கொட்டிக் கழுவும் கலர் பாதிக்குப் பாதி குறைந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் அலமாரியில் குறைந்தபட்சம் இத்தனை இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். அதற்குக் கீழே போனால்தான் ஆர்டர். திங்கட்கிழமை காலை நான் எண்ணுவேன். என் உலகத்தில் அதுதான் பூஜை நேரம்.

அப்படியும் சிலது தப்பிக் காலாவதியாகிவிடும். அவற்றுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். 'பயன்படுத்தாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே என் கையெழுத்து. ஸ்டிக்கர் ஒட்டியதும் கிடங்கு அறையில் இருந்த சிவப்புப் பெட்டிக்குள் போடுவேன். அதே நேரத்தில் ரெஜிஸ்டரைத் திறந்து, பொருள், அளவு, காரணம் எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'கழித்தாச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

நான் செய்த தப்பு அங்கேதான். அலமாரியிலிருந்து எடுத்ததும் கழித்தாச்சு என்று எழுதினேன். ட்யூபைப் பிதுக்கி, பாட்டிலைக் காலி செய்து, கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்ட பிறகு எழுதியிருக்க வேண்டும். ஒரு பொருள் அலமாரியில் இல்லை என்பதும், உலகத்தில் இல்லை என்பதும் ஒன்றா? உப்பு டப்பாவுக்குத் தேதி போடுகிற எனக்கு அது தோன்றவில்லை. மேடம், "பெட்டியை நான் பார்த்துக்கறேன்மா, தொட்டியில கொட்டினா பைப் அடைச்சுக்கும், சப்ளையர்கிட்ட குடுத்தா அவங்களே ஒழிச்சுருவாங்க" என்று சொன்னார். நம்பினேன். நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது தினமும் மிளகு ரசம் கொண்டுவந்தவர் அவர். நம்பாமல் என்ன செய்வேன்?

சில மாதத்துக்கு ஒரு முறை அவரே கேட்பார், சிவப்புப் பெட்டி நிறைந்துவிட்டதா என்று. என் முறை மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குள் பெருமையாக இருக்கும். நிறைந்துவிட்டது என்றால் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போவார். காலிப் பெட்டி திரும்பி வரும். நானே அதைத் துடைத்து வைப்பேன்.

இன்னொன்றும் எனக்கு அப்போது உறுத்தவில்லை. பத்து வாங்கினால் மூன்று இலவசம் என்று சப்ளையர் ஆள் வருவார். அப்படிக் கொடுப்பதெல்லாம் இன்னும் நாலைந்து மாதத்தில் காலாவதியாகப் போகிற சரக்கு, தேதியைப் பார்த்தாலே தெரியும். வேண்டாம் மேடம், இவ்வளவு நமக்கு ஓடாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வேன். முன்பெல்லாம் கேட்டுக்கொள்வார். கடைசி இரண்டு வருடமாக, "இருக்கட்டும்மா, எப்படியும் யூஸ் ஆகும்லா" என்று வாங்கிவிடுவார். எங்கே யூஸ் ஆகும் என்று நான் கேட்கவில்லை. கெட்டிக்காரத்தனமெல்லாம் ஸ்டிக்கரோடு நின்றுவிட்டது.

அந்த இரண்டு வருடமாகத்தான் மேடம் தானம் செய்ய ஆரம்பித்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, தீவின் மேற்குக் கோடியில் துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்குப் போய் இலவசமாக முடி வெட்டுவது, கலர் போடுவது, முகம் கழுவிக் கிரீம் போட்டுவிடுவது. கூட இரண்டு பேரை அழைத்துப் போவார். நான் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது, கடையை யாராவது பார்க்க வேண்டுமே. போனில் படங்கள் வரும், நான் இதயம் போடுவேன். என் மேடம் என்று வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

என் தம்பி துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. நாலு வருடமாக விடுதியில் இருக்கிறான். ஞாயிறுதோறும் புக்கிட் மேராவுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். வயது முப்பத்திரண்டுதான், தலையில் பாதிக்கு மேல் நரை. ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவனும் விட்டுவிட்டான். போன வருடம் ஊரில் பெண் பார்த்துவிட்டு அம்மா போன் செய்தார். வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்தால் ஞாயிறு பெண் வீட்டுக்குப் போகலாம், வரும்போது தலையைக் கொஞ்சம் சரிபண்ணிக்கொண்டு வா என்றார். பெண் வீட்டார் படத்தைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு எத்தனை வயது என்று இரண்டு முறை கேட்டார்களாம். இதற்கு முன் இரண்டு இடம் அப்படித்தான் நழுவியிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று அவனுக்கு உள்ளுக்குள் பயம், வெளியே காட்டிக்கொள்ளமாட்டான்.

நான் போட்டுவிடுகிறேன் என்றேன். ஆனால் இரண்டு நாளுக்கு முன் வந்து காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும், அரிப்பு எதுவும் வராவிட்டால்தான் தலையில் வைப்பேன் என்றும் சொன்னேன். அவனுக்கு வேலை முடிந்து லாரியில் விடுதிக்குத் திரும்பவே எட்டு மணி ஆகிவிடும். வார நாளில் துவாஸிலிருந்து புக்கிட் மேராவுக்கு வந்து காதைக் காட்டிவிட்டுத் திரும்ப முடியுமா? "உன் ரூல்ஸுக்கு நான் லீவு போடணும்க்கா" என்று அலுத்துக்கொண்டான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தான்.

அவன் கிளம்பும் வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, மதியம் ஒரு மணி இருக்கும். கடையில் கூட்டம், என் கையில் கையுறை. போன் சிணுங்கியது. தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு, தலை முழுக்கக் கலர், முகமெல்லாம் சிரிப்பு. 'உன் கடைதான் வந்திருக்கு. காது காட்டாமலே வேலை முடிஞ்சது' என்று எழுதியிருந்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. திருட்டுப்பயல் என்று நினைத்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கலர் வேர்வரை போயிருக்கிறதா என்று. தொழில் புத்தி அது.

அவன் தோளுக்குப் பின்னால் ஒரு மடக்கு மேசை. மேசையில் கிண்ணம், பிரஷ், ஒரு டெவலப்பர் பாட்டில். பாட்டிலின் வயிற்றில் சிவப்பு ஸ்டிக்கர். விரலால் இன்னும் பெரிதாக்கினேன். 'பயன்படுத்தாதே.' என் எழுத்து. என் கையெழுத்து.

அந்தப் பாட்டிலை எனக்கு நன்றாகத் தெரியும், திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, பின்வரிசையில் ஒளிந்து கிடந்ததை ஒரு மாதத்துக்கு முன் நான்தான் கண்டுபிடித்து, அந்த வாரம் முழுக்க எல்லோரையும் ஏசித் தீர்த்தேன். அது ரெஜிஸ்டரில் கழித்தாச்சு. தம்பிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மேடத்துக்குச் செய்தேன், அவரும் எடுக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் தலையை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆறு மணிக்கு அவன் புக்கிட் மேராவுக்கு வந்தான், தொப்பியோடு. எடுடா என்றேன். எடுத்தான். நரை போகவில்லை. உச்சியில் செம்பட்டை, பக்கவாட்டில் கறுப்பு, நெற்றியோரம் பழையபடி வெள்ளை. அது போகட்டும். நெற்றி விளிம்பிலும் காதுக்கு மேலும் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் போட்ட கலர் பிடிக்கவே இல்லையாம். பிடிக்காது, அந்தப் பாட்டிலில் வீரியம் எங்கே இருக்கிறது? இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அலசாமலேயே அதன் மேல் வேறு பாட்டிலில் கலந்து இன்னொரு முறை போட்டிருக்கிறார்கள். அது பன்னிரண்டு சதவீதம் என்று அவன் சொன்ன மூடி நிறத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது. நரைக்கு ஆறு சதவீதம்தான் எடுப்போம். பன்னிரண்டைத் தோலில் படவே விடக்கூடாது, அதுவும் ஏற்கெனவே ஊறிப்போன தோலில். எரிந்ததே, சொல்லக்கூடாதா என்று கத்தினேன்.

"ஓசியில போடறாங்க, அதுல எரியுதுன்னு சொல்றதான்னு பொறுத்துக்கிட்டேன்" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான், "உன் கடைதானேன்னு கண்ணை மூடிட்டு உக்காந்துட்டேங்க்கா."

கீழ்த்தளத்து கிளினிக் திறந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். தோல் ஆறும்வரை தலையில் எந்தக் கலரும் படக்கூடாது, சில வாரம் ஆகலாம் என்றார். எங்களிடம் வெள்ளிக்கிழமை வரைதான் நேரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் வழக்கம்போல எண்ணப் போனேன். சிவப்புப் பெட்டி காலியாக, கழுவாமல் கிடந்தது. என்னோடு வேலை பார்த்த, மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் பெண் வந்தாள். முந்தின நாள் மேடத்தோடு போன இரண்டு பேரில் அவளும் ஒருத்தி. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியதை எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். அவள் கண்ணில் கள்ளமே இல்லை. அவளுக்கு நிஜமாகவே நான் கேட்பது புரியவில்லை.

"சிவப்புன்னா தானத்துக்குத்தானே அக்கா? மேடம் முதல் நாள்ல இருந்து அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நீங்கதான் பிரிச்சு வைக்கிறீங்கன்னு சொன்னாங்க."

இரண்டு வருடம். கடையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பயன்படுத்தாதே என்று நான் எழுதியதெல்லாம், இவர்களுக்குப் பயன்படுத்து என்று ஆகியிருக்கிறது. வேண்டாத சரக்கை வடிகட்டி எடுத்துத் தரும் ஆளாக என்னை வைத்திருந்தார்கள். நான் எவ்வளவு கறாராக இருந்தேனோ அவ்வளவு சீக்கிரம் பெட்டி நிறைந்தது. என் தலையில் இரண்டு வருடம் மிளகாய் அரைத்திருக்கிறார்கள், நானும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று குனிந்து கொடுத்திருக்கிறேன்.

மேடம் பத்து மணிக்கு வந்தார், கையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய கோப்பி, எனக்கும் சேர்த்து இரண்டு. நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பாட்டிலைப் பார்த்தார், தலையைப் பார்க்கவில்லை.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? தூக்கிப் போட மனசு வரலைம்மா. பாதி பாட்டில் அப்படியே இருக்கு. இங்க வர்ற கஸ்டமருக்குப் போட்டா தப்பு, ஒத்துக்கறேன். அவங்களுக்கு இது போதும்லா. சந்தோஷமாத்தான் போறாங்க."

"அந்த அவங்கள்ல ஒருத்தன் என் தம்பி மேடம்."

அவர் படத்தை மறுபடி பார்த்தார். முகம் மாறியது. பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பதற்றம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

"ஐயோ, உன் தம்பியா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அவனுக்குன்னு நல்லதா ஒண்ணு தனியா எடுத்து வச்சிருப்பேனே."

கையை உருவிக்கொண்டேன். அவர் மன்னிப்பு மட்டும் கேட்டிருந்தால் நான் அழுது, கத்தி, அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என்னால் முடியவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தேதி தெரியாமல் செய்தவரில்லை. ஆள் பார்த்துச் செய்திருக்கிறார்.

ரெஜிஸ்டரை எடுத்து மேசையில் வைத்தேன். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கோப்பியை உறிஞ்சினார். குரலில் கோபம்கூட இல்லை, ஒரு சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னார்.

"என்ன தெரியும்? கழிச்சாச்சுன்னு நீதானே எழுதியிருக்க. பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்துதான்."

இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. வளைத்து வளைத்து, தேதியோடு, எவ்வளவு திருத்தமாகப் போட்டிருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு 'கழித்தாச்சு'வுக்கும் பக்கத்தில், 'கழிக்கவில்லை, துவாஸுக்குப் போனது' என்று எழுத ஆரம்பித்தேன். மேடம் முதலில் சிரித்தார், பிறகு வேண்டாம்மா என்றார், பிறகு முன்னால் போய்விட்டார். வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள், முன்னால் ஹேர் டிரையர் சத்தம் கேட்டது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அலமாரிச் சாவியை ரெஜிஸ்டர் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கோப்பியைத் தொடவில்லை.

ஒன்பது வருடம் வேலை பார்த்த கடையிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து நின்றால் எங்கே போவதென்று தெரியவில்லை. பூக்கடை வரிசை வழியாக நடந்தேன். அழுகை வந்தது, எல்லோரும் பார்க்கிறார்களே என்றும் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைச் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு அனுப்பினேன், என் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று எழுதியே அனுப்பினேன். பிறகு விசாரிக்க வந்தார்கள், துவாஸ் ஞாயிறுகள் நின்றன. அது தனிக்கதை.

புதன்கிழமை தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். கலர் போட முடியாது, இப்படியே போகவும் முடியாது. இரண்டு நிறத்தோடு பெண் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரே வழிதான் இருந்தது. மெஷினால் ஒட்ட வெட்டி மொட்டையாக்கிவிடலாம், அம்மாவிடம் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "எந்தச் சாமிக்குன்னு கேட்டா?" என்றான். வாயில் வந்த சாமி பேரைச் சொல்லு என்றேன். இருவரும் சிரித்தோம். அதுதான் அந்த வாரத்தில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு.

பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கத்தி படாமல், கொப்புளத்தைச் சுற்றிச் சுற்றி மெஷினை ஓட்டினேன். செம்பட்டையும் கறுப்பும் வெள்ளையுமாக முடி காலடியில் விழுந்தது. வழக்கமாக முடி வெட்டும்போது வாய் ஓயாமல் பேசுவான். அன்று நான்தான் பேசினேன், பெண் நல்ல பெண்ணாம், டீச்சராம், மொட்டையைப் பார்த்தால் பக்திமான் என்று நினைப்பார்கள் என்று ஏதேதோ.

துடைத்து முடித்து, டாக்டர் கொடுத்த களிம்பை எடுத்தேன். மூடியைத் திறந்து விரலில் பிதுக்கப் போனபோது, அவன் கையை நீட்டி ட்யூபை வாங்கினான். அவனே போட்டுக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். ட்யூபைத் திருப்பினான். அடி மடிப்பில் அழுத்தியிருந்த எண்கள் தெரியாமல், எழுந்து விளக்குக்குக் கீழே போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் படித்தான்.

"சரியாத்தான் இருக்குக்கா" என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.